ஃபார்வர்டு மடலில் புதிய செய்தியை மட்டும் பிழைதிருத்துவது எப்படி

பிழைதிருத்தும் பணிக்குப் புதிதாக வருபவரிடம் எடுத்த எடுப்பில் புத்தகத்தைத் தருவதில்லை. வெளியே போகவிருக்கும் மின்னஞ்சல்களைத்தான் "ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று தருவார்கள். அவற்றில் பலவும் ஃபார்வர்டு மடல்களாக இருக்கும். மேலே அலுவலகத்தார் புதிதாக எழுதிய நான்கைந்து வரிகள், அவற்றுக்குக் கீழே வேறொருவர் முன்பே எழுதி அனுப்பிய மடல், சில சமயம் அதற்கும் கீழே இன்னொருவருடைய மடல் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். இதில் நாம் திருத்த வேண்டியது மேலே உள்ள நான்கைந்து வரிகளை மட்டுமே. கீழே இருப்பவை எழுதியவரின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் தலையில் தாங்கி நிற்கும் சொற்கள். அவற்றில் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தாலும், அவர் எழுதாத ஒன்றை அவர் எழுதியதாகக் காட்டிவிடுகிறோம். அந்த மடலின் மூல வடிவம் அவருடைய 'அனுப்பியவை' பெட்டியில் அப்படியே இருக்கிறது என்பதால், பின்னால் ஒரு பேச்சு வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதியைக் கடைப்பிடிப்பது, பிழை கண்டால் கை தானாக நகரும் பழக்கமுள்ளவருக்குக் கடினம். ஆகவே மனவுறுதியை நம்புவதைவிட, கீழே உள்ளதில் கை படவே வழியில்லாதபடி வேலையை அமைத்துக்கொள்வது நல்லது.

எல்லை எங்கே இருக்கிறது

முதல் வேலை, புதியது எங்கே முடிகிறது, பழையது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. ஜிமெயிலில் ஒரு மடலை ஃபார்வர்டு செய்தால், பழைய மடலுக்கு மேலே இப்படி ஒரு தலைப்பு வந்து நிற்கும்:

```
---------- Forwarded message ---------
From:
Date:
Subject:
To:
```

அவுட்லுக்கில் இந்தக் கோடு பெரும்பாலும் இராது. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய கிடைக்கோடும், அதன் கீழே From, Sent, To, Subject என்ற நான்கு வரிகளும் இருக்கும். மடல் வெறும் எழுத்து வடிவில் இருந்தால் `-----Original Message-----` என்ற வரியைக் காணலாம். மடல் பல கை மாறி வந்திருந்தால் இப்படிப்பட்ட தலைப்புகள் இரண்டோ மூன்றோ இருக்கக்கூடும். அவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எதுவோ அதுதான் எல்லை. அதற்குக் கீழே உள்ள அனைத்தும், நம் அலுவலகத்தாரே போன வாரம் எழுதிய வரிகள் உட்பட, பழையவைதான். நம்மவர் எழுதியது என்பதற்காக அதைத் திருத்தும் உரிமை வந்துவிடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட மடல். புதியவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான்.

எல்லையைக் கண்டபின் மடலின் கடைசி வரை ஒருமுறை கீழே உருட்டிப் பார்த்துவிட வேண்டும். ஜிமெயிலில், அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், அனுப்புபவரின் கையொப்பம் பழைய மடலுக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. அது இருக்கும் இடம் பழையதன் கீழே என்றாலும், அது புதிய செய்தியைச் சேர்ந்ததே. அதில் பதவிப் பெயரிலோ முகவரியிலோ பிழை இருந்தால் நாம்தான் சொல்ல வேண்டும். மடலின் பொருள் வரியைப் பொறுத்தவரை என் கருத்து, அது மூல மடலிலிருந்து அப்படியே வந்ததாக இருந்தால் தொடாமல் விடுவது என்பதே. அனுப்புபவர் தாமாகப் புதிய பொருள் வரி எழுதியிருந்தால் மட்டும் அதைத் திருத்தலாம். பழைய மடலின் தலைப்புக்குள் இருக்கும் Subject வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

மேலே உள்ளதைத் தனியே எடுப்பது

எல்லை தெரிந்ததும், அதற்கு மேலே உள்ள வரிகளை மட்டும் தேர்ந்து, நகலெடுத்து, வேர்டிலோ நோட்பேடிலோ ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டிக்கொண்டு அங்கே திருத்துவதே பாதுகாப்பான வழி. Ctrl+A அழுத்தி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், "கீழே தொடாமல் பார்த்துக்கொள்வேன்" என்று எண்ணுவது சரிவராது. சரிவராது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மடல் வந்தது. எங்கள் அலுவலக வழக்கப்படி 'காப்பி' என்று எழுதாமல் 'பிரதி' என்றே எழுத வேண்டும். புதிய செய்தியில் ஐந்தாறு இடங்களில் 'காப்பி' இருந்தது. மடலை முழுவதுமாக வேர்டில் ஒட்டிவைத்திருந்த நான், மேல்பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டு Ctrl+H அழுத்தி Replace All கொடுத்தேன். தேர்ந்த பகுதியை மாற்றி முடித்ததும், மீதி ஆவணத்திலும் தேட வேண்டுமா என்று வேர்டு ஒரு சிறு பெட்டியில் கேட்கும். கேள்வியைப் படிக்காமல் Yes அழுத்திவிட்டேன். கீழே ஓர் எழுத்தாளர் தம் பழைய மடலில் 'காப்பிரைட்' பற்றி எழுதியிருந்தார். அது 'பிரதிரைட்' என்று ஆகி அவருக்கே திரும்பப் போயிற்று. அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டார். ஒரு சொல் உளறலாக மாறியதால்தான் இது வெளியே தெரிந்தது; அதே மடலில் அவர் எழுதிய வேறு இரண்டு 'காப்பி'களும் சத்தமில்லாமல் 'பிரதி'களாக மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே கண்டுபிடித்து மாற்றும் வேலையைப் புதிய செய்தி மட்டுமே இருக்கும் கோப்பில்தான் செய்ய வேண்டும். மடல் எழுதும் பெட்டியிலேயே திருத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கையால் செய்வது நல்லது. Classic Outlook எனப்படும் வழக்கமான அவுட்லுக்கைப் பயன்படுத்துபவர்கள் File, Options, Mail என்ற வழியில் போய், `Ignore original message text in reply or forward` என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். குறி இருந்தால் எழுத்துப்பிழைச் சோதனை பழைய மடலுக்குள் நுழையாது. உலாவியில் பழைய மடலின் சொற்களுக்கு அடியில் தெரியும் சிவப்புக் கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை நம் திரையில் மட்டும் தெரிபவை, மடலோடு போவதில்லை.

கீழே உள்ளதைப் படிக்க வேண்டும்

தொடக்கூடாது என்றால் படிக்கவே வேண்டாம் என்று பொருளல்ல. புதிய செய்தியில் உள்ள பெயர், தேதி, தொகை ஆகியவற்றுக்கு ஆதாரம் பெரும்பாலும் கீழே உள்ள பழைய மடலிலேயே இருக்கிறது. அதைப் பாராமல் மேலே உள்ளதற்கு ஒற்று மட்டும் போட்டுத் தருவது அரை வேலை.

ஒரு மடலை முழுவதுமாகப் பார்ப்போம். பதிப்பகம் ஒன்றின் இளநிலை உதவியாளர், அச்சகத்திலிருந்து வந்த விலைப்புள்ளியை நூலாசிரியருக்கு ஃபார்வர்டு செய்கிறார். மேலே அவர் எழுதியிருப்பது:

"ஐயா, வணக்கம். அச்சகத்தில் இருந்து வந்த விலைபுள்ளியை கீழே அனுப்பியுள்ளேன். 500 பிரதிகளுக்கு 34,000 ரூபாய் ஆகிரது. 12ஆம் தேதிக்குள் ஒப்புதல் தர வேண்டுகிறேன். அட்டை படத்தை நாளை அனுப்புகிறேன்."

கீழே அச்சகத்தின் மடல்:

"160 பக்கம், டெமி அளவு, 500 பிரதி. பிரதி ஒன்றுக்கு ரூ. 68 வீதம். மொத்தம் ரூ. 34,500. 15ந் தேதிகுள் ஒப்புதல் தரவும். வேலை 20 நாளில் முடிக்கபடும்."

மேலே உள்ள எழுத்துப்பிழைகள் எளியவை. 'விலைபுள்ளியை கீழே' என்பது 'விலைப்புள்ளியைக் கீழே' ஆகும். 'ஆகிரது' என்பதில் வல்லின 'ற' வர வேண்டும். 'அட்டை படத்தை' என்பதில் 'ப்' மிகும். கீழே உள்ள 'தேதிகுள்', 'முடிக்கபடும்' இரண்டும் கண்ணை உறுத்தினாலும் அவை அச்சகத்தாருடையவை, அப்படியே இருக்கட்டும்.

இனி எண்களுக்கு வருவோம். மேலே 34,000, கீழே 34,500. பிரதிக்கு 68 வீதம் 500 பிரதிகளுக்குப் பெருக்கினால் 34,000தான் வருகிறது. அப்படியானால் அச்சகத்தார் கூட்டலில் தவறிவிட்டார்கள், உதவியாளர் தாமே பெருக்கிச் சரியான தொகையை எழுதியிருக்கிறார் என்று தோன்றும். கீழே உள்ள 34,500ஐ 34,000 ஆக்கிவிட்டால் மடல் முரணில்லாமல் இருக்குமே என்ற ஆசையும் வரும். நான் அறிந்த ஒரு மடலில் இதே சூழல் வந்தபோது, பிழைதிருத்துபவர் இரண்டையும் தொடாமல் உதவியாளரிடம் கேட்டார். உதவியாளர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கூடுதலாக இருந்த 500 ரூபாய் பார்சல் கட்டணம் என்றும், அதை மடலில் தனியே குறிப்பிட மறந்துவிட்டதாகவும் பதில் வந்தது. தவறு கீழே இல்லை, மேலே இருந்தது. கீழே இருந்ததைத் 'திருத்தி'யிருந்தால், அச்சகம் ஒப்புக்கொள்ளாத ஒரு தொகையை அச்சகத்தின் பெயரிலேயே நூலாசிரியருக்குச் சொல்லியிருப்போம்.

தேதியும் அப்படித்தான். கீழே 15, மேலே 12. உதவியாளரிடம் கேட்டபோது, அது கவனப்பிழை அல்ல, மூன்று நாள் கைவசம் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே எழுதியது என்றார். ஆனால் நூலாசிரியர் கீழே 15 என்றிருப்பதைப் பார்த்துவிட்டு 12ஐத் தட்டச்சுப் பிழை என்று எண்ணக்கூடும். அதற்கான மருந்தையும் மேலேதான் போட வேண்டும். முடிவில் அந்தச் செய்தி இவ்வாறு போனது:

"ஐயா, வணக்கம். அச்சகத்திலிருந்து வந்த விலைப்புள்ளியைக் கீழே அனுப்பியுள்ளேன். 500 பிரதிகளுக்கு, தனியே குறிப்பிடப்படாத பார்சல் கட்டணம் 500 ரூபாயும் சேர்த்து, 34,500 ரூபாய் ஆகிறது. அச்சகம் 15ஆம் தேதி வரை கெடு தந்திருந்தாலும், எங்கள் வேலை வசதிக்காக 12ஆம் தேதிக்குள் ஒப்புதல் தர வேண்டுகிறேன். அட்டைப் படத்தை நாளை அனுப்புகிறேன்."

கீழே உள்ளதில் பொருளைப் பாதிக்கும் பிழை உறுதியாக இருந்தாலும் இதே முறைதான். "கீழே உள்ள மடலில் செவ்வாய் என்றிருப்பதைப் புதன் என்று கொள்ளவும்" என்று புதிய செய்தியில் ஒரு வாக்கியம் சேர்க்குமாறு அனுப்புபவரிடம் சொல்லலாம். பெறுபவர் பார்க்கக்கூடாத தொலைபேசி எண்ணோ சம்பள விவரமோ கீழே இருந்தால், அதை நீக்குவதா என்பது அனுப்புபவர் எடுக்க வேண்டிய முடிவு. நீக்கினால், அந்தப் பகுதி நீக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த இடத்திலேயே பகர அடைப்புக்குள் குறிக்க வேண்டும்.

இடையிடையே பதில் எழுதப்பட்ட மடல்கள்

"என் பதில்கள் கீழே, கேள்விகளுக்கு அடியிலேயே இருக்கின்றன" என்று தொடங்கும் மடல்களில் எல்லைக்கோடு ஒன்றல்ல, பல. மடல் வெறும் எழுத்து வடிவில் இருந்தால், பழைய வரிகள் ஒவ்வொன்றின் தலையிலும் `>` என்ற குறி இருக்கும். குறி இல்லாத வரிகளே புதியவை. ஆனால் நீண்ட வரி மடிந்து உடைந்தால், உடைந்து விழுந்த துண்டுக்குக் குறி இல்லாமல் போவதுண்டு:

```
> பக்க எண்களை மேலே போடுவதா கீழே போடுவதா என்று
முடிவு செய்துவிட்டீர்களா?
கீழேயே போடலாம்.
```

இதில் இரண்டாவது வரிக்குக் குறி இல்லை என்றாலும் அது பழைய கேள்வியின் வால். முந்தைய வரி வாக்கியம் முடியாமல் நிற்பதும், இந்த வரி வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்குவதும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாம் பார்க்க வேண்டியது மூன்றாவது வரியை மட்டுமே.

பதிலை நிறம் மாற்றி எழுதியிருந்தால், திருத்தும்போது நோட்பேடு போன்ற வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டக்கூடாது, நிறம் போய்விடும். பிறகு எது யாருடையது என்று பிரிப்பது தலைவலி. இத்தகைய மடல்களில் மட்டும், மூல மடலை இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, மடல் எழுதும் பெட்டியிலேயே ஒவ்வொரு பதிலாகத் திருத்துவதுதான் வழி. நிறத்தை முழுவதும் நம்பவும் வேண்டாம். பதில் எழுதுபவர் பழைய வரியின் நடுவே சுட்டியை வைத்துத் தட்டச்சு செய்தால், பழைய வரியின் நிறத்திலேயே புதிய சொல் விழுந்துவிடும். மூலத்தோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

குழம்பிய எழுத்துகள்

தமிழ் மடல்களில் வரும் ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பழைய மடல் ஒன்று பாமினி போன்ற எழுத்துருவில் எழுதப்பட்டிருந்து, வழியில் எங்கோ எழுத்துரு விவரம் தொலைந்துபோனால், 'வணக்கம்' என்பது `tzf;fk;` என்று தெரியும். இது பிழையல்ல, தமிழே வேறு உடையில் நிற்கிறது. அதை அந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்ற எண்ண வேண்டாம். மாற்றிகள் எல்லா எழுத்துகளையும் ஒழுங்காகப் பெயர்ப்பதில்லை, மேலும் பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இருந்தால் மூலத்தை நகலெடுத்து அவரே படித்துக்கொள்ள முடியும். யூனிகோடு வடிவம் தேவை என்றால், கீழே உள்ள மடலின் யூனிகோடு வடிவம் இது என்று சொல்லி அதைப் புதிய செய்தியில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்த பகுதியும் மேற்கோள்தான் என்பதால், மாற்றி செய்த கோளாறுகளை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாமே தவிர, எழுதியவரின் சொந்தப் பிழைகளை விட்டுவிட வேண்டும்.

திரும்ப வைப்பது

திருத்திய செய்தியை, நாம் பார்த்துக்கொண்டிருந்த வரைவிலேயே ஒட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அனுப்புபவர் தம் உள்பெட்டியில் இருக்கும் மூல மடலைத் திறந்து, மறுபடியும் Forward அழுத்தி, புதிதாகத் தோன்றும் பெட்டியின் உச்சியில் திருத்திய செய்தியை வடிவமைப்பு எதுவும் இல்லாமல் ஒட்டட்டும்; ஜிமெயிலில் அதற்கு Ctrl+Shift+V. பழைய வரைவில் யார் கை எங்கே பட்டிருந்தாலும் அது அந்த வரைவோடு போய்விடும். புதிய பெட்டியில் மூலம் அப்படியே இருக்கும். இந்த ஒட்டும் முறையில் தடித்த எழுத்தும் இணைப்புச் சுட்டிகளும் உதிர்ந்துவிடும் என்பதால், அவை செய்தியில் இருந்திருந்தால் மீண்டும் சேர்க்க வேண்டும்.

பழைய வரைவையே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், அதன் கீழ்ப்பகுதியை ஒரு வேர்டு கோப்பிலும் மூல மடலை இன்னொன்றிலும் ஒட்டி, Review பட்டியலில் உள்ள Compare கொண்டு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் திருத்தக் குறி எதுவும் தெரியாது. வரி முறிவும் வெற்றிடமும் குறியாகத் தெரிந்தால் பொருட்படுத்த வேண்டாம். எழுத்தோ எண்ணோ குறியிடப்பட்டிருந்தால், அந்த இடத்தை மூலத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். தொகைத் தகராறு, ஒப்பந்தம் போன்றவற்றில் பழைய மடல் சான்றாகப் போகிறது என்றால், அதை உள்ளே விரிக்காமல் இணைப்பாக அனுப்பச் சொல்லலாம். ஜிமெயிலில் மூன்று புள்ளிப் பட்டியலில் `Forward as attachment` இருக்கிறது. வழக்கமான அவுட்லுக்கில் Ctrl+Alt+F. இப்படிப் போகும்போது மூல மடல் தனிக் கோப்பாகச் செல்வதால், நாம் தட்டச்சு செய்யும் பெட்டியில் அதன் ஓர் எழுத்துகூட இராது.

புதிதாக Forward அழுத்தும்போது மூல மடலின் இணைப்புகளும் கூடவே திரும்பி வந்துவிடும். உதவியாளர் முதல் வரைவில் அச்சகத்தின் உள்விலைப் பட்டியலை வேண்டாமென்று எடுத்திருந்து, அட்டைப் படத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தால், இப்போது பட்டியல் உள்ளே இருக்கும், படம் வெளியே இருக்கும். அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன், பழைய வரைவின் இணைப்புகளையும் புதியதன் இணைப்புகளையும் ஒன்றோடொன்று சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே பழைய வரைவை நீக்கச் சொல்ல வேண்டும்.